வயிற்றுக்கு ஒரு கேப்சூல்

பல்லில் சீழ் வைத்தாலோ சிறுநீரில் தொற்று வந்தாலோ ஆன்டிபயாடிக் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போகிறோம். கேட்ட மாத்திரையோடு இன்னொரு அட்டையும் பையில் வந்து விழுகிறது. "இது வயித்துக்கும்மா, சேர்த்தே போட்டுக்குங்க" என்கிறார் கடைக்காரர். அந்த இன்னொரு அட்டைதான் ப்ரோபயாடிக். உயிருள்ள நுண்ணுயிரிகளைக் காயவைத்து கேப்சூலில் அடைத்திருப்பார்கள். "சேர்த்தே" என்று அவர் சொன்னது சிலருக்குச் சரி, சிலருக்கு வீண், வெகு சிலருக்கு ஆபத்து. யாருக்கு எது என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் நுண்ணுயிரியின் பெயர். விளம்பரப் பெயரைப் பார்த்தால் இது புலப்படாது.

முதலில், ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் ஏன் வயிற்றால் போகிறது என்று பார்ப்போம். நாம் சாப்பிடும் காய்கறி, பருப்பு, தானியங்களில் நம் குடலால் செரிக்க முடியாத மாவுப்பொருளும் நாரும் உண்டு. அவை பெருங்குடலுக்கு வந்ததும் அங்கே வாழும் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துச் சின்னச் சின்ன கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களின் உதவியோடுதான் பெருங்குடல் உப்பையும் நீரையும் திரும்ப உறிஞ்சுகிறது. ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியோடு இந்த பாக்டீரியாக்களிலும் பலவற்றைக் கொன்றுவிடுகிறது. செரிக்காத மாவுப்பொருள் அப்படியே தங்கி நீரை இழுத்துக்கொள்ள, மலம் இளகிப்போகிறது. பல்மருத்துவர்கள் அதிகம் எழுதும் அமாக்ஸிசிலின் – கிளாவுலனேட் கூட்டு மாத்திரையில் இன்னொரு சங்கடம்: அதிலிருக்கும் கிளாவுலனேட் குடலின் அசைவையே வேகப்படுத்துகிறது. செஃபலோஸ்போரின் வகைகளும் கிளிண்டாமைசினும் இதே போல வயிற்றைக் கலக்குபவை.

பெரும்பாலும் இந்தப் பேதி கோர்ஸ் முடிந்ததும் தானாக நின்றுவிடும். பயப்பட வேண்டியது க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலி என்ற கிருமிக்குத்தான். மற்ற பாக்டீரியாக்கள் கூட்டமாக இருக்கும்வரை இது தலைதூக்காது. அவை அழிந்து இடம் காலியானதும் பெருகி, நச்சைச் சுரந்து, பெருங்குடலைப் புண்ணாக்கிவிடும். நீராகப் போவதோடு காய்ச்சல், கடுமையான வயிற்றுவலி, மலத்தில் ரத்தம் சேர்ந்தால் இந்தக் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். இது ஆன்டிபயாடிக்கை நிறுத்திப் பல வாரங்கள் கழித்தும் வரலாம். அதனால் மருத்துவரிடம் போகும்போது, போன மாதமோ அதற்கு முந்தைய மாதமோ சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கையும் சொல்ல வேண்டும். பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையை இந்த நேரத்தில் நாமாக வாங்கிப் போடக்கூடாது. நச்சு வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிடும்.

இனி அட்டையின் பின்பக்கம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ப்ரோபயாடிக்குகளைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கிவிடலாம். எத்தனை மணி நேர இடைவெளி என்பதும் இந்த மூன்றையும் பொறுத்ததே.

முதல் வகை, லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் என்ற பெயர்களோடு வருவது. இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி. இவை சாதாரண உயிருள்ள பாக்டீரியாக்கள். ஓடு எதுவும் கிடையாது. நோய்க்கிருமியைக் கொல்லும் அமாக்ஸிசிலின் இவற்றையும் கொல்லும். ஒரே வாய் தண்ணீரில் இரண்டையும் விழுங்கினால், காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவை இரைப்பையிலேயே காசு கொடுத்து வாங்கிய மருந்தால் கொல்கிறோம். ஆகவே இந்த வகைக்குத்தான் இடைவெளி தேவை. ஆன்டிபயாடிக் போட்டு குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்துப் போடுங்கள் என்பது பொதுவான விதி; மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது? வாய்வழி போடும் அமாக்ஸிசிலின் சிறுகுடலின் மேல்பகுதியில் உறிஞ்சப்பட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்ச அளவைத் தொடுகிறது. அதற்குள் இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் மருந்தின் அடர்த்தி நன்றாகக் குறைந்துவிடும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு குடலில் மருந்தே இருக்காது என்று பொருள் கொள்ளக்கூடாது. உறிஞ்சப்படாத பங்கு கீழே போய்க்கொண்டுதான் இருக்கும். இடைவெளி செய்வதெல்லாம், மருந்து அடர்த்தியாக இருக்கும் இடத்தில் பாக்டீரியா மாட்டாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. அதனால் கடிகாரத்தைப் பார்த்து நிமிடக் கணக்குப் போட வேண்டியதில்லை. அஸித்ரோமைசின் போன்ற மருந்துகளில் இந்தக் கணக்கே அவ்வளவாக உதவாது. அது உடலின் திசுக்களில் பல நாள் தங்கி மெல்ல மெல்ல வெளியேறுவது. மூன்று நாள் மாத்திரையின் வேலை அதற்குப் பிறகும் தொடர்கிறது.

இரண்டாம் வகை, பேசிலஸ் கிளாஸி. குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் 5 மில்லி பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் மாதிரி கொடுக்கிறார்களே, அதுதான். ஒரு குப்பியில் 200 கோடி ஸ்போர்கள் இருக்கும். ஸ்போர் என்பது பாக்டீரியா கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலை. இரைப்பை அமிலமோ அறை வெப்பமோ அதை எளிதில் ஒன்றும் செய்யாது. இந்தக் குப்பியிலுள்ள ரகங்கள் பல ஆன்டிபயாடிக்குகளைத் தாங்கக்கூடியவை என்பதால் இடைவெளி இங்கே அவ்வளவு முக்கியமல்ல. ஆனாலும் ஸ்போர் குடலில் முளைத்த பிறகு அதுவும் சாதாரண பாக்டீரியாதான். இரண்டு வேளை மாத்திரைக்கு நடுவில் கொடுப்பதே வழக்கம். கொடுக்கும் முன் குப்பியைக் குலுக்க வேண்டும். ஸ்போர்கள் அடியில் படிந்திருக்கும்.

மூன்றாம் வகை, சாக்கரோமைசிஸ் பூலார்டி. இது பாக்டீரியாவே அல்ல, ஈஸ்ட். ஆன்ரி பூலார்டு என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1920களில் இந்தோசீனாவில் இதைக் கண்டெடுத்தார். காலரா பரவியபோது லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலைக் கொதிக்கவைத்துக் குடித்தவர்கள் தப்பித்ததைக் கவனித்து, அந்தப் பழங்களிலிருந்து அவர் பிரித்தெடுத்த ஈஸ்டு இது. கடைகளில் பெரும்பாலும் 250 மில்லிகிராம் பொடிப் பாக்கெட்டாகவோ கேப்சூலாகவோ கிடைக்கும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஈஸ்டைத் தொடாது. ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தே போட்டாலும் ஒன்றும் கெடாது. கடைக்காரரின் "சேர்த்தே" சரியாகப் பொருந்துவது இதற்குத்தான்.

ஆனால் ஈஸ்டுக்கு வேறொரு எதிரி உண்டு. ஆன்டிபயாடிக் சாப்பிடும் பெண்கள் சிலருக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வரும். காண்டிடா என்ற பூஞ்சை அங்கே பெருகுவதால் வருவது. அதற்கு ஃப்ளூகோனசோல் மாத்திரை எழுதுவார்கள். அந்த மாத்திரை பூஞ்சையையும் கொல்லும், வயிற்றுக்குக் கொடுத்த ஈஸ்டையும் கொல்லும். எழுதியவர் ஒருவர், வயிற்றுக்குப் பாக்கெட் கொடுத்தவர் வேறொருவர் என்றால் இது யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

நாலாவதாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சில ஆன்டிபயாடிக் பெயர்களின் பின்னால் எல்.பி. என்ற இரண்டெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்தும் லாக்டிக் ஆசிட் பேசிலஸும் ஒரே மாத்திரையில் என்று அதற்குப் பொருள். அதில் இருப்பது பெரும்பாலும் ஸ்போர் வகை என்பதால் மருந்தோடு தாக்குப்பிடிக்கும் என்பது தயாரிப்பாளர்களின் வாதம். அளவைப் பாருங்கள்: இப்படிப்பட்ட பல மாத்திரைகளில் நாலு கோடி, ஆறு கோடி ஸ்போர் என்றுதான் போட்டிருக்கும். குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்ததோ நாளொன்றுக்கு 500 கோடியும் அதற்கு மேலும் கொடுத்தபோது. இந்த எல்.பி.யை நம்பி வயிற்றுக்குக் காவல் வைத்தாயிற்று என்று இருந்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

இப்போது ஒருவரை நினைத்துக்கொண்டு நேரக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது அறுபது. கடைவாய்ப்பல்லில் சீழ். அமாக்ஸிசிலின் – கிளாவுலனேட் 625 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாளைக்கு. போன முறை இதே மாத்திரையில் நான்கு நாள் வயிற்றால் போய்த் துவண்டுவிட்டார் என்பதால் மருத்துவர் ராம்னோசஸ் ஜிஜி கேப்சூலும் நாளுக்கு ஒன்று எழுதினார். சர்க்கரை மாத்திரை தவிர வேறு மருந்தில்லை, வேறு நோயில்லை.

அவர் காலை எட்டு மணிக்கு இட்லி சாப்பிட உட்காரும்போது ஆன்டிபயாடிக்கைப் போடலாம். சாப்பாட்டின் தொடக்கத்தில் போட்டால் இந்த மாத்திரை குமட்டல் தருவது குறையும். ப்ரோபயாடிக் மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டோடு. உணவு இரைப்பை அமிலத்தின் கடுமையைத் தணிப்பதால் பாக்டீரியாக்கள் கூடுதலாகத் தப்பிக்கும். இரவு எட்டு மணிக்கு மறுபடி ஆன்டிபயாடிக். காலை மாத்திரைக்கும் கேப்சூலுக்கும் ஐந்து மணி நேரம், அதற்கும் இரவு மாத்திரைக்கும் ஏழு மணி நேரம். இதற்கு மேல் கணக்கு வேண்டாம். இதே மருந்தை மூன்று வேளை எழுதியிருந்தால் காலை ஏழு, பிற்பகல் மூன்று, இரவு பதினொன்று என்று போட்டு, நடுவில் காலை பதினொன்றுக்கோ மாலை ஏழுக்கோ கேப்சூலை வைத்துக்கொள்ளலாம்.

மதியம் மறந்துபோய் இரவு ஏழரைக்கு ஞாபகம் வந்தால் அன்றைய கேப்சூலை விட்டுவிட வேண்டியதுதான். ப்ரோபயாடிக்குக்கு இடம் விடுவதற்காக ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடவே கூடாது. சீழை ஆற்றுவது அந்த மாத்திரை. கேப்சூலை விழுங்கச் சிரமமென்றால் திறந்து ஆறிய சாதத்தில் கலந்து சாப்பிடலாம். சூடான பாலிலோ காபியிலோ கலந்தால் லாக்டோபேசிலஸ் செத்துப்போகும். சில தயாரிப்புகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்லி அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். மே மாத வெயிலில் கடைவாசல் அலமாரியில் கிடந்த அப்படிப்பட்ட கேப்சூலை வாங்குவதில் பலனில்லை.

தொடங்கும் நாளும் முக்கியம். வயிறு கலங்கிய பிறகு நாலாம் நாள் தேடி ஓடுவதைவிட, முதல் ஆன்டிபயாடிக் போட்ட நாளிலோ அடுத்த நாளிலோ தொடங்கினால்தான் ஆய்வுகளில் பலன் தெரிந்தது. நாள் தள்ளத் தள்ளப் பலன் குறைகிறது. நம் ஆசிரியை ஐந்து நாளும் போட்டு, அதன் பிறகு ஒரு வாரம் தொடர்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். நடுவில் ஒருநாள் ஒன்றிரண்டு முறை இளகலாகப் போனால் ஓ.ஆர்.எஸ். கரைசல் குடித்தபடி தொடரலாம். நாளுக்கு மூன்று முறைக்கு மேல் நீராகப் போகத் தொடங்கினால் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஆன்டிபயாடிக்கைத் தானாக நிறுத்தக்கூடாது.

"தயிர் இருக்கும்போது கேப்சூல் எதுக்கு?" என்று வீட்டில் பாட்டி கேட்பார். தயிர்சாதம் வயிற்றுக்கு இதம்தான், அமாக்ஸிசிலினோடு அதற்குப் பகையும் இல்லை. ஆனால் உறைமோரில் எந்த ரகம் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எண்ணியதில்லை. ஆய்வில் பலன் தந்த ரகமும் அளவும் அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சிப்ரோஃப்ளாக்சாசின், டாக்ஸிசைக்ளின் ஆகிய இரண்டுக்கும் தயிர் நேரடி இடைஞ்சல். பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் இந்த மருந்துகளைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாமல் செய்யும். சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோ போட்டுவிட்டு உடனே ஒரு டம்ளர் மோர் குடித்தால் மருந்தின் ஒரு பங்கு மலத்தோடு போய்விடும். இரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும்.

எல்லாருக்கும் இந்தக் கேப்சூல் வேண்டுமா? வேண்டாம் என்றே சொல்வேன். 2019இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு குழந்தைகளிடம் நடந்த 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ப்ரோபயாடிக் சாப்பிடாத குழந்தைகளில் நூற்றுக்கு 19 பேருக்குப் பேதி வந்தது, சாப்பிட்டவர்களில் 8 பேருக்கு. நல்ல பலன். ஆனால் பிரிட்டனில் மருத்துவமனைகளில் 65 வயதைத் தாண்டிய ஏறத்தாழ 3,000 பேரிடம் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், ப்ரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் கேப்சூல் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டு பக்கமும் நூற்றுக்குப் பத்துச் சொச்சம் பேருக்குப் பேதி.

இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் 2018இல் வெளியான இன்னொரு ஆய்வு என்னை யோசிக்கவைத்தது. ஆரோக்கியமான 21 பேருக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் அதன்பின் பல ரகங்கள் கலந்த ப்ரோபயாடிக்கை நான்கு வாரம் கொடுத்தார்கள். கேப்சூல் சாப்பிட்டவர்களின் குடலில் வந்த பாக்டீரியாக்கள் நன்றாகவே குடியேறின. ஆனால் அவரவரின் சொந்தப் பாக்டீரியாக்கள் திரும்பி வருவது பல மாதங்கள் தாமதப்பட்டது. ஒன்றும் சாப்பிடாமல் விடப்பட்டவர்கள் சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்பினார்கள். இதனால் யாரும் நோய்வாய்ப்பட்டார்கள் என்றில்லை, எண்ணிக்கையும் சிறியது. ஆனாலும் முப்பது வயது ஆரோக்கியமான ஒருவர் மூன்று நாள் மாத்திரைக்குத் துணையாக ஒரு மாதம் ப்ரோபயாடிக் சாப்பிடுவது தேவையில்லை என்று நினைக்க இதுவே போதும். முன்பு ஆன்டிபயாடிக்கால் பேதி கண்டவர், அமாக்ஸிசிலின் – கிளாவுலனேட் சாப்பிடும் குழந்தை, வயிற்றுப்புண் கிருமிக்குப் பதினான்கு நாள் இரண்டு மூன்று ஆன்டிபயாடிக் சேர்த்துச் சாப்பிடுபவர் ஆகியோருக்கு இது செலவுக்குத் தகுந்தது.

கட்டாயம் தவிர்க்க வேண்டியவர்கள் யார் என்பதற்கு வருவோம். ப்ரோபயாடிக் உயிருள்ள கிருமி என்பதை இங்கே மறக்கக்கூடாது. குடலுக்குள் இருக்கும்வரை அது சாது. ரத்தத்துக்குள் போனால் மற்றக் கிருமிகளைப் போல அதுவும் தொற்றுத்தான். அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் ராம்னோசஸ் ஜிஜி கொடுக்கப்பட்ட 522 பேரில் ஆறு பேரின் ரத்தத்தில் லாக்டோபேசிலஸ் தொற்று வந்தது. அதே காலத்தில் கேப்சூல் கொடுக்கப்படாத 21,652 பேரில் இரண்டே பேருக்கு. மரபணுவை ஒப்பிட்டபோது ரத்தத்தில் இருந்ததும் கேப்சூலில் இருந்ததும் ஒன்றே என்று தெரிந்தது. நெதர்லாந்தில் 2008இல் வெளியான ஆய்வு இதைவிடக் கவலை தருவது: கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்கு ப்ரோபயாடிக் கொடுத்தபோது நூற்றுக்கு 16 பேர் இறந்தார்கள், கொடுக்காதவர்களில் 6 பேர். குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் இதைக் கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரித்திருக்கிறது.

ஐ.சி.யூ. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான் கவலைப்படுவது வீட்டிலிருப்பவர்களைப் பற்றி. கீமோ எடுத்து வெள்ளணு குறைந்தவர். சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றி, எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர். ஸ்டீராய்டை அதிக அளவில் நெடுநாள் எடுப்பவர். செயற்கை இதய வால்வு வைத்தவர், முன்பு இதய உள்ளுறையில் தொற்று வந்தவர். குடலின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தவர். இவர்கள் எல்லாரும் நடமாடுகிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பல்வலிக்கு ஆன்டிபயாடிக் வாங்குகிறார்கள். கடைக்காரருக்கு அவர்கள் கதை தெரியாது. அவர்கள் தங்கள் சிறப்பு மருத்துவரைக் கேட்காமல் எந்த வகை ப்ரோபயாடிக்கையும் தொடக்கூடாது.

டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் வைத்திருப்பவர் இருக்கும் வீட்டில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், நோயாளி சாப்பிடாவிட்டாலும்கூட. ஈஸ்டுப் பாக்கெட்டைக் கிழிக்கும்போது மாவுத்தூசி போலப் பொடி கிளம்பிக் கையில் ஒட்டும், காற்றில் மிதந்து பக்கத்தில் படியும். பேரனுக்காகக் கட்டில் ஓரத்தில் பாக்கெட்டைக் கிழித்துக் கலக்கிய அதே கையால் தாத்தாவின் கழுத்துக் குழாயின் கட்டைச் சரிசெய்தால், அந்த ஈஸ்டு குழாய் வழியாக நேரே ரத்தத்துக்குப் போக வழி திறக்கிறது. மருத்துவமனைகளில் இப்படிப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்த ஈஸ்டு, குழாய் வைத்த இன்னொருவரின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமை இதனால்தான் 2017இல், மிகவும் நலிந்தவர்களுக்கும் எதிர்ப்புச்சக்தி குன்றியவர்களுக்கும் பூலார்டியைக் கொடுக்கவே கூடாது என்றும், நோயாளி அறையில் பாக்கெட்டைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னது. வீட்டில் செய்ய வேண்டியதும் அதுவே: சமையலறையில் திறந்து கலக்கி, சோப்பால் கை கழுவிவிட்டுத் தாத்தாவிடம் போக வேண்டும். கழுத்தில் குழாயோ மார்பில் கீமோ போர்ட்டோ உள்ளவர் தப்பித்தவறி இதைச் சாப்பிட்டிருந்து குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், ரத்தக் கல்ச்சர் எடுக்கும்போது "ப்ரோபயாடிக் சாப்பிட்டார்" என்று பாக்கெட்டையே எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஈஸ்டு தொற்றுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பூஞ்சைக்கான மருந்து வேண்டும், பெரும்பாலும் அந்தக் குழாயையும் எடுக்க வேண்டிவரும்.